தேதி போடாத விடுப்புக் கடிதம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் கனிவு. பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் காலை முதல் மாலை வரை “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் அவர் மேல் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் கடன் எழுதும்போதும் கனிவு என்றே எழுதுகிறார்கள். அவரும் மறுப்பதில்லை. அதைவிட மோசமான பட்டப்பெயர்களோடு அதே நிலையத்தில் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள்.

அவருடைய பணியிடம் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி, சத்தம் மட்டும் போடும் ஒரு மின்விசிறி. ஒரு நாற்காலியில் கனிவு. இன்னொன்றில் நேரக் காப்பாளர். எந்த வண்டி வந்தது, எது கிளம்பியது என்று குறிப்பவர். பேச்சில் சிக்கனமானவர். தும்மலைக்கூடப் பாதியில் நிறுத்திவிடுவார்.

கனிவுக்கு இயற்கை வஞ்சனையில்லாமல் அள்ளிக் கொடுத்தது தமிழ். உத்தியோகம் அவருக்கு அனுமதித்ததோ ஒரே மூச்சு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வண்டியின் ஹாரன் மீதியை விழுங்கிவிடும். ஒருமுறை மாலை வேளையில் மனம் நெகிழ்ந்து, “செவ்வானம் கவிந்து வரும் இந்த இனிய பொழுதிலே” என்று ஆரம்பித்துவிட்டார். வானம் கவிந்து முடிவதற்குள் வண்டி போய்விட்டது. குடும்பத்தோடு ஏற நின்ற ஒருவர் கூண்டுக் கதவைத் தட்டி, செவ்வானத்தைப் பற்றித் தன்னுடைய கருத்தையும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நேரக் காப்பாளர் ஒலிவாங்கிக்கு மேலே ஓர் அட்டையை ஒட்டினார்: “எந்த வண்டி. எங்கே போகுது. எப்போ. எந்த மேடை. நன்றி.”

பகலெல்லாம் அந்த அட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கும் தமிழ், சாயங்காலம் எங்காவது உடைத்துக்கொண்டு வரத்தானே செய்யும். கனிவிடம் அது கடிதமாக வந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வராததற்கு அவர் ஏழு பக்கம் எழுதிய புகாரை, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்து ரசித்தார்களாம். நடையைப் பாராட்டி ஒருவர் பதிலும் போட்டார். தண்ணீர் மட்டும் வரவில்லை. ஏழு பக்கத்தில் எந்தத் தெரு என்று எழுத இடம் இல்லாமல் போயிருந்தது.

இப்படிப்பட்டவரின் வீட்டில்தான் ஒரு விடுப்புக் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தது.

கனிவின் மனைவி தையல்காரர். அவருக்குப் பித்தப்பையில் கல். இரண்டு முறை அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்து, இரண்டு முறையும் அவரே தள்ளிப் போட்டார். ஒருமுறை மகளின் பொதுத் தேர்வு; மறுமுறை தைத்துக் கொடுக்க வேண்டிய சீருடைகள். மூன்றாவது முறையாகத் தேதி கொடுத்த டாக்டர், “இதையும் தள்ளினீங்கன்னா அடுத்த வலியில ஆம்புலன்ஸ்லதான் வருவீங்க” என்று சொல்லி அனுப்பினார். பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. முந்தின நாளே சேர்ந்துவிட வேண்டும். பெண்கள் வார்டில் கூடத் தங்குவது ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. அந்த வீட்டில் இன்னொரு பெண் என்றால், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்திதான்.

மகளுக்குப் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பள்ளியில் வேதியியல் செய்முறைத் தேர்வு. பெயர் முதல் குழுவில். இரண்டாவது குழுவுக்குப் பதினேழாம் தேதி. தலைமை ஆசிரியர் அனுமதித்தால் குழு மாறலாம். அனுமதி இல்லாமல் வராவிட்டால் மதிப்பெண் பூஜ்யம். இறுதிப் பட்டியல் ஒன்பதாம் தேதி, திங்கள் மதியம் ஆய்வகக் கதவில் ஒட்டப்படும்.

“பொண்ணு பரீட்சையைக் கெடுத்துட்டு எனக்கு ஒண்ணும் கல்லெடுக்க வேண்டாம்” என்று தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னார் மனைவி. “ஹெட்மாஸ்டர் கையெழுத்தைக் கண்ணால பாத்தாத்தான் பையைக் கட்டுவேன்.”

“நான் எழுதுற லெட்டருக்கு அவர் கையெழுத்து போடாம இருக்க முடியுமாம்மா?”

“குழாய்க்கு எழுதுன மாதிரி எழுதாதீங்க.”

கனிவு அதைக் கேட்டுக்கொண்டதாகத் தலையசைத்துவிட்டுக் கோடு போடாத வெள்ளைத் தாளாகப் பார்த்து எடுத்தார்.

நான்கு பக்கம் வந்தது. முதல் பக்கம் முழுவதும் தலைமை ஆசிரியருக்கே: கல்விக் கடல், அறிவுச் சுடர், ஒழுக்கத்தின் ஊற்று, மாணவச் செல்வங்களின் மணிவிளக்கு. நீரையும் நெருப்பையும் இப்படி மாறி மாறி ஊற்றினால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று கனிவு யோசிக்கவில்லை. இரண்டாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்தின் பாதி வரை மனைவி. அதற்கப்புறம் பித்தப்பை பற்றிய பொதுவான சில சிந்தனைகள். கடைசிப் பக்கத்தில் கோரிக்கை: “எனவே, தாங்கள் திருவுளம் கனிந்து, எத்தனை தினங்கள் தகுமென்று கருதுகின்றீர்களோ, அத்தனை தினங்கள் என் அருமை மகளுக்கு விடுப்பு நல்கி, தேர்வு குறித்தும் தங்களுக்குத் தோன்றியவாறு அருள வேண்டும்.”

தேதி எதுவும் இல்லை.

மகள் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “அப்பா, எந்த நாள்லேர்ந்து எந்த நாள் வரைன்னு எழுதவே இல்லையே.”

“அதெப்படி எழுதுறது பாப்பா? பதினொண்ணுலேர்ந்து பதினாறு வரை குடுங்கன்னு ஒரு ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னா, அது கட்டளை. நாம யாரு அவருக்கு நாள் குறிக்க? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

மரியாதை என்றால் கேட்பதைக் கேட்காமல் கேட்பது என்று அவர் உண்மையாகவே நம்பினார். வாழ்க்கையில் அவர் கேட்ட எதுவும் கிடைக்காமல் போனதற்கும் இந்த நம்பிக்கைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை கடிதம் பள்ளி அலுவலகத்துக்குப் போனது.

அந்தத் தலைமை ஆசிரியர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் கடிதங்களை உட்கார்ந்து வாசிப்பதில்லை. ஒரு வகுப்பு முடிந்து மணி அடித்து, அடுத்த வகுப்பு தொடங்குவதற்குள் வராந்தாவில் நடந்துகொண்டே வாசிப்பார். சிவப்புப் பேனா கையிலேயே இருக்கும். காரணம், தேதி, பெற்றோர் கையெழுத்து மூன்றும் கண்ணில் பட்டால் தூணில் வைத்துக் கையெழுத்து. படாவிட்டால் ஒரு கேள்விக்குறி. கல்விக் கடல் என்று தொடங்கிய தாளை வாசித்துக்கொண்டே நடந்தவர், வராந்தா முடிந்து படிக்கட்டு வந்தது தெரியாமல் ஒரு படி தவறினார். விழவில்லை. இரண்டாம் பக்கத்துக்குப் போகவும் இல்லை. முதல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்.

மகளுக்குக் கோபம் வந்தது. அலுவலக ஜன்னலில் நின்றபடியே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்: “ஐயா, அம்மாவுக்கு ஆபரேஷன். பதினொன்றாம் தேதி முதல் பள்ளிக்கு வர மாட்டேன்.” கீழே கையெழுத்து.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசித்தார்.

“ஏம்மா, இது லீவ் லெட்டரா, வக்கீல் நோட்டீஸா?”

“தேதி போட்டிருக்கேனே மேடம்.”

“போட்டிருக்க. எப்போ போறேன்னு போட்டிருக்க, எப்போ வருவேன்னு போடலையே. உங்க அப்பா கேக்கவே மாட்டேங்குறார், நீ கேக்காமலே எடுத்துக்குற. வர மாட்டேன்னு முடிவு பண்ணிட்டா அவர் எதுக்குக் கையெழுத்து போடணும்?”

மகள் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

“பரீட்சை பதிமூணாம் தேதிதானே உனக்கு? அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்பா கையெழுத்தும் இல்ல. இதை நான் உள்ள அனுப்பினா இன்னொரு கேள்விக்குறிதான் வரும். திங்கட்கிழமை பட்டியல் ஒட்டிடுவோம், அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் முடியாது. அன்னைக்குக் காலையில முதல் மணிக்கு முன்னாடி சரியா எழுதிக் கொண்டா. ஆஸ்பத்திரிச் சீட்டு நகலும் வை.” அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சற்றுத் தணிந்த குரலில் கேட்டார். “அம்மாவுக்கு வலி ரொம்ப இருக்கா?”

“சொல்ல மாட்டாங்க மேடம். மெஷின் நின்னுட்டா வலின்னு தெரிஞ்சுக்குவோம்.”

அன்று சாயங்காலம் மெஷின் இரண்டு முறை நின்றது.

ஞாயிற்றுக்கிழமையும் பேருந்துகள் ஓடும் என்பதால் கனிவுக்கு வேலை உண்டு. மதியம் மகள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடும், கேள்விக்குறி போட்ட நான்கு பக்கத்தோடும், வெறும் தாள்களோடும் கண்ணாடிக் கூண்டுக்கு வந்தாள். நேரக் காப்பாளர் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டார்.

“அப்பா, இன்னைக்கு எழுதியாகணும். அம்மா பையைக் கட்டவே இல்ல.”

“எழுதலாம், எழுதலாம். முதல் பக்கத்துல வேணா ரெண்டு வரி குறைச்சுக்கலாம். ஊற்றை எடுத்துடுவோம். கடல் இருக்கட்டும்.”

“கடலும் வேண்டாம்ப்பா.”

“கடல் இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?”

“மதிப்பிற்குரிய ஐயான்னு.”

கனிவு சோற்றில் கை வைத்தபடி அவளைப் பார்த்தார். பெற்ற மகள் தன்னைப் பட்டினி போட்டுவிட்ட பார்வை அது. “தேதியும் போடணும்குற. கேக்குறவன் நாள் குறிக்கலாமா?”

அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்த நேரக் காப்பாளர் திரும்பினார். “யோவ் கனிவு. எத்தனை மணிக்குத் தோணுதோ அத்தனை மணிக்கு, எந்த மேடை தகும்னு நெனைக்கிறீங்களோ அந்த மேடைக்கு வாங்க, வண்டி இருக்கும்னு என்னைக்காவது மைக்குல சொல்லியிருக்கியா?”

“அதெப்படிச் சொல்றது? ஜனங்க அடிக்க வருவாங்க.”

“ஏன், மரியாதையாத்தானே சொல்ற?”

கனிவு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மூன்றாம் மேடையில் ஒரு வண்டி வந்து நின்றது. பழக்கதோஷம், இடது கை தானாக ஒலிவாங்கிப் பொத்தானுக்குப் போனது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் பேருந்து, இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, மூன்றாம் மேடையிலிருந்து புறப்படும். நன்றி.”

வெளியே பத்துப் பதினைந்து பேர் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மேடைக்கு நடந்தார்கள். யாரும் அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு பெரியவர் கூண்டைப் பார்த்துக் கையைக்கூட உயர்த்திவிட்டுப் போனார்.

கனிவு பொத்தானை அணைத்துவிட்டு, போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒலிவாங்கிக்கு மேலே இருந்த அட்டையைப் பார்த்தார். இத்தனை வருடம் அதைத் தனக்குப் போட்ட வாய்ப்பூட்டு என்றே நினைத்திருந்தார். மகளும் அதைப் பார்த்தாள்.

“அப்பா, ஹெட்மாஸ்டரும் நடந்துக்கிட்டேதான் படிப்பாராம்.”

“வண்டி பிடிக்கப் போறவர் மாதிரியா?”

“ஆமாம்ப்பா.”

கனிவு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு அடுத்தடுத்த வண்டிகளுக்கு நடுவே நடந்ததை ஒரு போர் என்றுதான் சொல்ல வேண்டும். கடல், சுடர், ஊற்று, மணிவிளக்கு நான்கும் முதல் வண்டிக்கு முன்பே வீழ்ந்தன. பித்தப்பைச் சிந்தனைகள் எதிர்ப்பில்லாமல் சரணடைந்தன.

“அப்பா, இது நீங்க எழுதற மாதிரி இருக்கக் கூடாது. லீவ் கேக்குறது நான். ‘என் அருமை மகள்’ போய், ‘நான்’னு வரணும். நீங்க கீழே கையெழுத்து போட்டாப் போதும்.”

“கையெழுத்தாவது முழுசாப் போடலாமில்ல?”

“போடுங்க.”

ஒவ்வொரு வரியையும் எழுதியதும் கனிவு அட்டையைப் பார்த்தார். எந்த வண்டி: என்ன விஷயம். எங்கே போகுது: என்ன வேண்டும். எப்போ: எந்த நாள் முதல் எந்த நாள் வரை. சனி, ஞாயிறு பள்ளி விடுமுறை. அதையும் சேர்த்து ஆறு நாள் என்று எழுதினால் அதிகம் கேட்ட மாதிரி ஆகும், சேர்க்காமல் நான்கு என்று மட்டும் எழுதினால் கணக்கு இடிக்கும் என்று மகள் சொன்னாள். “ரெண்டையும் எழுது. வழியில நிக்காத ஸ்டாப்பையும் சொல்லிட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க” என்றார் கனிவு. அந்த நிலையத்தில் அவர் சொன்ன முதல் சுருக்கமான அறிவுரை அதுதான் என்று நேரக் காப்பாளர் பின்னாளில் உறுதி செய்தார்.

மனைவியைப் பற்றிய ஒன்றரைப் பக்கத்தில்தான் போர் நின்றது.

“இதையுமா பாப்பா?”

மகள் அதை வாசித்தாள். வலி வந்தால் அவள் அம்மா தைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கட்டில் விளிம்பில் போய் உட்கார்வது. கேட்டால் நூல் தேடுவதாகச் சொல்வது. அடுத்த வீட்டுக் குழந்தையின் சட்டைக்குக் காசு வாங்காமல் பொத்தான் வைப்பது. அப்பா இதையெல்லாம் பார்த்திருக்கிறார் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

“இது நல்லாருக்குப்பா. ஆனா ஹெட்மாஸ்டருக்கு வேண்டாம்.”

“சரி” என்றார் கனிவு. அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான்கரை மணி வண்டி கிளம்பும்போது கடிதம் முடிந்தது. தேதி, முகவரிகள், பொருள் என்று மேலே வழக்கமானவை. கீழே இவ்வளவுதான்:

“மதிப்பிற்குரிய ஐயா,

என் அம்மாவுக்கு இம்மாதம் 12ஆம் தேதி, வியாழக்கிழமை, பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடக்க உள்ளது. பெண்கள் வார்டில் உடன் தங்க எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு பெண்கள் இல்லை. எனவே 11ஆம் தேதி புதன் முதல் 16ஆம் தேதி திங்கள் வரை (சனி, ஞாயிறு நீங்கலாக நான்கு நாள்) எனக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு வந்துவிடுவேன். 13ஆம் தேதி எனக்குள்ள வேதியியல் செய்முறைத் தேர்வை, 17ஆம் தேதி இரண்டாம் குழுவுடன் செய்ய அனுமதிக்குமாறும் வேண்டுகிறேன். மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

நன்றி.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி”

கனிவு அதை அறிவிப்புக் குரலில் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். மூச்சு ஒன்றில் அடங்கவில்லை, மூன்று பிடித்தது. “எக்ஸ்பிரஸ் இல்ல. பரவாயில்ல, ஊர் போய்ச் சேரும்” என்றார் நேரக் காப்பாளர்.

திங்கள் காலை, எழுத்தர் அம்மா கடிதத்தை வாசித்துவிட்டுக் கடிதக் கட்டின் மேலேயே வைத்தார். முதல் மணி அடித்தது. தலைமை ஆசிரியர் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். அலுவலகத்துக்கு எதிரே மகள் நின்றாள். தாளைப் பிரித்தவர் நாலு எட்டு நடந்தார், நின்றார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெறுமை.

“நீ அந்தக் கல்விக் கடல் வீட்டுப் பொண்ணுதானே?”

“ஆமாம் சார்.”

“மீதி மூணு பக்கம்?”

“அவ்ளோதான் சார். விஷயம் அவ்ளோதான்.”

அவர் இன்னொரு முறை வாசித்தார். இந்த முறை நின்றபடியே. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் தாளின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை, பூ வேலைப்பாட்டோடு ஓடிய கையெழுத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு தூணில் தாளை வைத்து, “அனுமதி. இரண்டாம் குழுவில் சேர்க்கவும்” என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

“அம்மாவை நல்லாப் பாத்துக்க. முந்தின லெட்டர்ல எனக்குத் தேதியும் கிடைக்கல, யாருக்கு என்னன்னும் தெரியல. முதல் பக்கம் முழுக்க என்னைப் பத்தியே இருந்துச்சு.” நடக்கத் தொடங்கியவர் திரும்பினார். “அந்தப் பக்கத்தை வேணா எனக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லு. எங்க வீட்டுல காட்டணும்.”

மதியம் ஆய்வகக் கதவில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இரண்டாம் குழுவில் இருந்தது. சாயங்காலம் கையெழுத்தான கடிதத்தின் நகலை அவள் அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துணியில் ஓட்டை பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் பையை எடுத்தார்.

வியாழக்கிழமை கல் எடுத்தார்கள். மூன்று கல். டாக்டர் ஒரு சிறிய புட்டியில் போட்டுக் கொடுத்தார்.

ஆண்களைப் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் பெண்கள் வார்டுக்குள் விடுவார்கள். சனிக்கிழமை கதவு திறந்ததும் முதல் ஆளாகக் கனிவு உள்ளே வந்தார். மகள் கால்மாட்டில் வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார்.

“என்னங்க அது?”

“ஹெட்மாஸ்டர் லெட்டர்ல மிச்சமானது.”

“அவருக்கு வேண்டாம்னா எனக்கு எதுக்கு?”

“நீ கேளு.”

நர்ஸ் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் வாசித்தார். துணியை மடித்து வைப்பது, கட்டில் விளிம்பு, நூல் தேடுவது. மனைவி முதலில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நூல் தேடுறேன்னு சொன்னது உங்களுக்குத் தெரியுமா?” என்று ஒருமுறை கேட்டார். கனிவு வாசிப்பதை நிறுத்தவில்லை. அடுத்த பத்தியில் “என் இல்லத்து ஊசிமுனை, இல்லறத் துணியின் இணையற்ற இழை” என்று வந்தபோது மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“போதுங்க. தையல் பிரிஞ்சுடும்.”

“இன்னும் அரைப் பக்கம்தான்ம்மா.”

“படிங்க. மெதுவாப் படிங்க” என்றார் அவர். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது. கனிவு தொண்டையைச் செருமிக்கொண்டார். எந்த ஹாரனும் குறுக்கே வரவில்லை.